சின்னமுத்தா, தட்டம்மையா? சிங்கள சுகாதார அறிவிப்பைத் தமிழாக்கும்போது எந்தச் சொல்லை எடுப்பது

மேல்மொணவூரிலும் வேலூரைச் சுற்றியுள்ள மற்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலும் இருக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அக்கரையில் இருக்கும் அண்ணனோ சித்தியோ வாட்ஸ்அப்பில் ஒரு சிங்கள அறிவிப்பை அனுப்புகிறார்கள். பிள்ளையின் முன்பள்ளியில் கொடுத்த தாளாக இருக்கலாம், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் ஒட்டியதாக இருக்கலாம். ஊருக்குத் திரும்பிப் போகத் தயாராகும் குடும்பம் ஒன்று, "இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், எல்லாரும் படிக்கட்டும்" என்கிறது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடிக்கிறது. எந்தத் தமிழில் எழுதுவது?

இங்கே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். சிங்களத்தில் அதன் பெயர் சரம்ப. போர்த்துக்கீசியர் காலத்தில் வந்த சொல். இலங்கை 2019இல் இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மறுபடி பரவியதால் அங்கே தடுப்பூசி அறிவிப்புகளும் மறுபடி வரத் தொடங்கின. இலங்கை அரசு இதைத் தமிழில் சின்னமுத்து என்று எழுதுகிறது. தமிழ்நாட்டு அரசு தட்டம்மை என்று எழுதுகிறது. பேச்சில் மணல்வாரி என்பவர்களும் இங்கே உண்டு.

இரண்டு ஊருக்கு இரண்டு பெயர் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் இந்தக் கட்டுரை வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலூரில் வளர்ந்த ஒருவர் "சின்னமுத்து" என்று படித்தால் பேந்தப் பேந்த விழிக்க மாட்டார். உடனே புரிந்துவிட்டதாக நினைப்பார். முத்து என்றால் அம்மைக் கொப்புளம், சின்ன என்றால் பெரியம்மை இல்லை, அப்படியானால் இது சின்னம்மை. அவருக்குத் தெரிந்த தமிழின்படி இந்தக் கணக்கு சரிதான். ஆனால் சின்னம்மை வேறு நோய். சிங்களத்தில் அது பெப்பொல, யாழ்ப்பாணத்தில் கொப்புளிப்பான்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

அழகு, தூய தமிழ், எது பழைய சொல் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிடலாம். நான் நாலு கேள்விதான் கேட்பேன்.

ஒன்று, இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறதா? மற்ற மூன்றையும்விட இது முக்கியம். சொல் புரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். தப்பாகப் புரிந்தவர் யாரையும் கேட்க மாட்டார்.

இரண்டு, இதே சொல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னால் நர்ஸ் சரியான ஊசியை எடுப்பாரா?

மூன்று, தாளைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கிறவருக்கும் இது போய்ச் சேருமா? முகாம்களில் அறிவிப்பு பெரும்பாலும் மைக்கில் வாசிக்கப்படும். அல்லது வீட்டில் பேத்தி படிக்க ஆயா கேட்பார்.

நான்கு, இன்னொருவர் இந்தத் தமிழைத் திரும்பச் சிங்களத்துக்குக் கொண்டுபோனால் சரம்ப என்றே வருமா?

## வழி ஒன்று: இலங்கை அரசின் சொல்லை அப்படியே வைப்பது

சின்னமுத்து என்றே எழுதுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. மூல அறிவிப்பு வந்த நாட்டின் அரசு அந்த நோய்க்குத் தமிழில் வைத்திருக்கும் பெயர் அதுதான். அறிவிப்பைப் படித்துவிட்டு ஊருக்குப் போகிறவர் அங்கே குடும்ப நல உத்தியோகத்தரிடம் இதே சொல்லைச் சொன்னால் போதும். வவுனியாவிலோ மன்னாரிலோ வளர்ந்து பெரியவர்களாகி இங்கே வந்தவர்களுக்கும் இது வீட்டுச் சொல்.

ஆனால் இதன் மறைவான செலவு பெரிது. ஒரு சூழலைக் கற்பனை செய்து பாருங்கள். முகாமில் பிறந்து, வேலூரில் படித்து, இங்கேயே கல்யாணமான ஒரு பெண். கையில் பத்து மாதக் குழந்தை. அடுத்த மாதம் அம்மாவோடு இலங்கைக்குப் போகிறார். "சின்னமுத்துத் தடுப்பூசி போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்" என்று அறிவிப்பில் படிக்கிறார். நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், "சின்னம்மைக்கு ஊசி போடணும்" என்கிறார். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. "அது இங்கே போடுறதில்லம்மா, தனியார்ல கேளுங்க" என்று நர்ஸ் உண்மையைத்தான் சொல்கிறார். அந்தப் பெண் திரும்பி வந்துவிடுகிறார். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை ஊசி விட்டுப்போனதா என்று அங்கே யாரும் அட்டையைப் புரட்டவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை, ஆனால் குழந்தை ஊசி இல்லாமல் நோய் பரவும் ஊருக்குப் போகிறது.

ஊசியைத் தாண்டியும் குழப்பம் தொடரும். சின்னம்மை வந்தவர் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தள்ளி இருக்க வேண்டும். தட்டம்மை வந்தவர் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்து, தெரிந்து நாலு நாள் பின்புவரை மற்றவர்களுக்குப் பரப்புவார். தட்டம்மையில் கொப்புளமே வராது என்பதால், "பொருக்குத் தட்டவில்லை, அதனால் இது அந்த நோய் இல்லை" என்று ஒரு வீடு முடிவு கட்டவும் கூடும்.

யாருக்கு இது நல்ல வழி? படிக்கப்போகிற எல்லாரும் இலங்கையில் வளர்ந்தவர்கள், அறிவிப்பும் அங்கே போய்ச் செய்ய வேண்டியதைப் பற்றியது என்றால் தாராளமாக இதையே எடுக்கலாம். முகாமில் இன்று அப்படி ஒரு கூட்டம் அமைவது அரிது. 1983க்கும் 1990க்கும் பிறகு வந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை பள்ளிக்கூடம் போகிறது.

## வழி இரண்டு: தமிழ்நாட்டுச் சொல்லை எடுப்பது

தட்டம்மை என்று எழுதினால் சுகாதார நிலையத்தில் ஒரு சிக்கலும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கே வந்து போட்டதால் இங்கே படித்த பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் இந்தப் பெயர் மனசில் இருக்கிறது. இதை யாரும் சின்னம்மையோடு குழப்புவதும் இல்லை.

இந்த வழியின் செலவு இரண்டு இடங்களில் தெரியும். முதலாவது, தொலைபேசி. இங்கே தட்டம்மை என்று படித்தவர் நீர்கொழும்பில் இருக்கும் அக்காவிடம், "அங்க தட்டம்மை வருதாமே" என்றால், அக்காவுக்கு அது எது என்று உடனே பிடிபடாது. அக்கரையில் பிள்ளைக்கு எழுதிய ஊசிப் பதிவைத் தேடும்போதும் இதே தடங்கல்தான்.

இரண்டாவது, அம்மை என்கிற பாதிச் சொல். வேலூர்ப் பக்கம் "அம்மை போட்டிருக்கு" என்றால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். ஊசி, மாத்திரை பற்றிய பேச்சு அந்த வீட்டில் பெரும்பாலும் நின்றுவிடும். வேப்பிலை வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தட்டம்மை நுரையீரலுக்குப் போகும் நோய். சின்னக் குழந்தைக்கு நிமோனியா வரலாம், கண் பாதிக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். எனவே தட்டம்மை என்று எழுதும் கையோடு டாக்டரிடம் போக வேண்டும் என்ற வரியும் அழுத்தமாக வர வேண்டும். முத்து என்ற சொல்லிலும் அம்மன் இருப்பதால் சின்னமுத்து இந்த விஷயத்தில் மேலானது என்று சொல்ல முடியாது.

## வழி மூன்று: மீசில்ஸ் என்றே விடுவது

சிலர் இதை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். முதல் கேள்வியில் இது நன்றாகத் தேறுகிறது. தெரிந்தவருக்குச் சரியாகத் தெரியும், தெரியாதவருக்கு எதுவும் தெரியாது, நடுவில் தப்பான அர்த்தம் இல்லை. நர்சுக்கும் டாக்டருக்கும் அன்றாடச் சொல். வாசகர்கள் நர்சிங் படித்த பிள்ளைகள், முகாமில் சுகாதார வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் என்றால் இதுவே போதும்.

வீடுகளுக்குப் போகும் அறிவிப்புக்கு மட்டும் வேண்டாம். வீட்டில் பிள்ளைக்குத் தடிப்பு வந்தால் ஆயா அதைத் தனக்குத் தெரிந்த அம்மையாகத்தான் பார்ப்பார். சுவரில் ஒட்டியிருக்கும் மீசில்ஸ் ஏதோ புது வியாதி என்று தோன்றும். பிள்ளையையும் அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

வெறுமனே "அம்மை நோய்" என்று பொதுவாக எழுதுவதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. திரும்பச் சிங்களத்துக்குப் போகும்போது அது எந்த நோயாகவும் மாறிவிடும்.

## வழி நான்கு: ஒரு தலைச்சொல், ஒரே ஒருமுறை மற்றதும், கூடவே உடம்பில் தெரியும் அடையாளம்

வேலூருக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். தலைப்பிலும் உள்ளேயும் தட்டம்மை. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் முழு வாக்கியமாக, "இலங்கையில் இதைச் சின்னமுத்து என்பார்கள்." கடைசியில், இந்த நோய் வந்தால் உடம்பில் என்ன தெரியும் என்பதும். அடைப்புக்குறி போட வேண்டாம். மைக்கில் வாசிப்பவர் அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடுவார், அல்லது இரண்டு நோய்ப் பெயரை அடுத்தடுத்துச் சொல்வது போல வாசித்துவிடுவார். சாய்கோடும் அப்படித்தான். "தட்டம்மை/சின்னமுத்து" என்பதைக் காதால் கேட்டால் இரண்டு நோய் பரவுவதாக அர்த்தமாகும்.

இந்த வழிக்கும் செலவு இருக்கிறது. அறிவிப்பு நீளும். ஒருமுறை இதையும் அடுத்த பத்தியில் அதையும் மாற்றி மாற்றி எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. தலைச்சொல் எது என்று முடிவு செய்தபின் கடைசி வரிவரை அதைவிட்டு நகரக் கூடாது.

| | சின்னமுத்து | தட்டம்மை | மீசில்ஸ் | தட்டம்மை, ஒருமுறை சின்னமுத்து, அடையாளம் |
|---|---|---|---|---|
| தப்பாகப் புரியுமா | வேலூரில் வளர்ந்தவருக்கு ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| நர்சுக்குப் புரியுமா | பெரும்பாலும் இல்லை | ஆம் | ஆம் | ஆம் |
| காதால் கேட்டால் | பெரியவர்களுக்கு மட்டும் | இளையவர்களுக்கு | சிலருக்கு | எல்லாருக்கும், நீளம் கூடும் |
| திரும்பச் சிங்களத்துக்கு | இலங்கையில் சரி, இங்கே ஐயம் | சரி | சரி | சரி |

## ஒரு தாளை எடுத்துச் செய்து பார்ப்போம்

இப்படிப்பட்ட சிங்களத் தாளில் வழக்கமாக நாலு விஷயம் இருக்கும். சரம்ப பரவுகிறது. காய்ச்சலோடு "ரது லப" தெரிந்தால் உடனே "வைத்யவரயா"விடம் போங்கள். பிள்ளையின் பதிவேட்டில் ஒன்பது மாத ஊசியும் மூன்று வயது ஊசியும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நோய் வந்த பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

முதல் வரியை மேலே பார்த்துவிட்டோம். இரண்டாவது வரியில் ரது லப என்றால் சிவப்புப் புள்ளிகள், திட்டுகள். இதைச் "சிவப்புத் தடிப்பு" என்று எழுதலாம். கொப்புளம் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்த ஒரு சொல் போதும், தலைப்பில் தட்டம்மை என்று இருந்தாலும் படிப்பவர் மனசு சின்னம்மைக்குத் தாவிவிடும்.

அடுத்து வைத்யவரயா. சிங்களத்தில் இது எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். இலங்கைத் தமிழிலும் அவரை வைத்தியர் என்றுதான் எழுதுகிறார்கள், மருத்துவமனையை வைத்தியசாலை என்கிறார்கள். வேலூரில் வைத்தியர் என்றால் நாட்டு வைத்தியர். "உடனே வைத்தியரை அணுகவும்" என்று இங்கே ஒட்டினால், அம்மைக்கு மந்திரிக்கிறவரிடமும் வேர் அரைத்துக் கொடுக்கிறவரிடமும் போகச் சொல்வதாக ஆகிவிடும். இந்த இடத்தில் யோசிக்கவே தேவையில்லை, டாக்டர் என்று எழுதுங்கள். அக்கரையிலும் டொக்டர் என்றால் எல்லாருக்கும் புரியும். இதேபோல மூலத்திலோ பழைய இலங்கைத் தமிழ் அறிவிப்பிலோ குளிசை என்று இருந்தால் மாத்திரை. வருத்தம் என்று இருந்தால் இங்கே அது மனக்கவலை, அதனால் நோய் என்று மாற்றுங்கள்.

மூன்றாவது வரி கொஞ்சம் பொறுமை கேட்கும். இலங்கையில் இந்த ஊசி ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும். இங்கே ஒன்பது மாதம் முடிந்து ஒருமுறை, பதினாறு முதல் இருபத்துநாலு மாதத்துக்குள் இன்னொருமுறை. அறிவிப்பில் மூன்று வயது என்று இருப்பதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அதே நேரம் முகாமில் இருக்கும் அம்மா அதைப் படித்துவிட்டு, "சரி, ரெண்டாவது ஊசி மூணு வயசுலதான்" என்று இங்கே தள்ளிப்போடவும் கூடாது. எனவே மூலத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிட்டு, கீழே ஒரு கோடு போட்டு, "மொழிபெயர்த்தவர் குறிப்பு" என்று தலைப்பிட்டு இந்திய அட்டவணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்னமுத்து என்ற பெயரைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர, நாம் சேர்த்த எதுவும் கோட்டுக்கு மேலே போகக் கூடாது. அந்தக் குறிப்பை ஒட்டுவதற்கு முன் கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நான்காவது வரியில் முன்பள்ளி. இங்கே அங்கன்வாடி, பால்வாடி. இரண்டும் சரியாக ஒன்று இல்லை, ஆனால் அறிவிப்பின் நோக்கத்துக்கு "அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும்" என்று எழுதினால் போதும்.

எல்லாம் சேர்ந்து இப்படி வரும்:

> தட்டம்மை பரவுகிறது. இலங்கையில் இதைச் சின்னமுத்து என்பார்கள். காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்பட்டதா என்று பிள்ளையின் பதிவேட்டில் பாருங்கள். தட்டம்மை வந்த பிள்ளையை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் அனுப்ப வேண்டாம்.
>
> மொழிபெயர்த்தவர் குறிப்பு: இது சின்னம்மை இல்லை, நீர்க்கொப்புளம் வராது. முதலில் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு இருக்கும். சில நாள் கழித்துத் தடிப்பு முகத்திலும் காதுக்குப் பின்னாலும் தொடங்கி உடம்பு முழுக்கப் பரவும். மேலே உள்ள வயது இலங்கையில் உள்ளது. தமிழ்நாட்டில் முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது பதினாறு முதல் இருபத்துநாலு மாதத்துக்குள். இங்கே ஊசியைக் கேட்கும்போது தட்டம்மை-ரூபெல்லா ஊசி என்று கேளுங்கள்.

கடைசிப் பகுதியில் "தடிப்பு முகத்திலிருந்து கீழே இறங்கும்" என்று எழுதுவது கைக்கு எளிதாக வரும். எழுத வேண்டாம். அம்மை இறங்கிவிட்டது என்றால் குணமாகிறது என்று அர்த்தம். நோய் முற்றும் வழியைச் சொல்ல வந்து, தேறிவருகிறது என்று சொன்னதாகிவிடும். அதனால்தான் "பரவும்".

ஒட்டுவதற்கு முன் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் இலங்கையில் வளர்ந்தவர், இன்னொருவர் இங்கே பிறந்தவர். "புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள். "இந்த நோய் வந்தால் உடம்பில் என்ன தெரியும்? எந்த ஊசி கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். யாராவது கொப்புளம் என்று பதில் சொன்னால் தாள் இன்னும் தயாராகவில்லை.

## தமிழிலிருந்து சிங்களத்துக்கு

வேலூருக்குச் சிகிச்சைக்காகச் சிங்களக் குடும்பங்களும் வருகின்றன. தங்கும் விடுதியில் ஒட்டிய தமிழ் அறிவிப்பை அவர்களுக்குச் சொல்ல யாரையாவது கூப்பிடுவார்கள். இந்தத் திசையில் மேலே சொன்ன நாலு வழியும் பொருந்தாது, ஏனென்றால் சிங்களத்தில் பெயர் பிரச்சினை இல்லை. சரம்ப வேறு, பெப்பொல வேறு என்று எல்லாருக்கும் தெரியும். பிரச்சினை நம் பக்கத்துத் தாளில் இருக்கிறது. கோடையில் இங்கே "அம்மை நோய் பரவுகிறது" என்று மட்டும் எழுதி ஒட்டுவது சாதாரணம்.

அதைச் சிங்களத்தில் "அம்மாவருன்கே லெட" என்று சொல்லலாமே என்று தோன்றும். அப்படி ஒரு வழக்கு அங்கே இருக்கிறது, நம்முடைய அம்மை போலவே தாய்த்தெய்வத்தின் நோய் என்று பொருள். ஆனால் அதற்குள் சரம்பயும் அடங்கும், பெப்பொலயும் அடங்கும், பொன்னுக்குவீங்கி என்கிற கூகைக்கட்டும் அடங்கும். பக்கத்துப் படுக்கையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒரு பிள்ளை இருந்தால் இந்தப் பொதுச்சொல் எதற்கும் உதவாது. தட்டம்மை வந்தவர் பக்கத்தில் இருக்க நேர்ந்து மூன்று நாளுக்குள் ஆரோக்கியமான ஒருவருக்கு ஊசி போட்டுக் காப்பாற்ற வழி உண்டு. மருந்து ஏற்றிக்கொள்ளும் அந்தப் பிள்ளைக்கு இந்த ஊசியே போடக் கூடாது, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த நோய் என்று தெரிந்தால்தான் டாக்டர் எதையும் தொடங்க முடியும்.

ஆகவே தாளில் "அம்மை" என்று மட்டும் இருந்தால் நாமே ஒன்றை ஊகித்து மொழிபெயர்க்கக் கூடாது. அறிகுறி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீர்க்கொப்புளம், அரிப்பு, பொருக்கு என்றால் பெப்பொல. இருமல், கண் சிவப்பு, தடிப்பு என்றால் சரம்ப. எதுவும் எழுதவில்லையென்றால் அறிவிப்பை ஒட்டிய சுகாதார ஆய்வாளரிடமே கேட்டுவிடுங்கள். சின்னம்மை என்று தெளிவாக எழுதியிருந்தாலும், இலங்கைத் தமிழ் வீட்டில் வளர்ந்தவர் அதைச் சின்னமுத்து என்று காதில் வாங்கி சரம்ப என்று சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்டவர் உதவிக்கு வந்தால், வாய் திறப்பதற்கு முன் அவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்: கொப்புளமா, தடிப்பா?